வினாச் சொல்லைக் கண்டுபிடிப்பது எப்படி? தொடக்கநிலையாளருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

‘யானை எப்போது வந்தது என்று ஏட்டையாவுக்குத் தெரியுமா?’

ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நான் முதலில் கரும்பலகையில் எழுதிப் போடும் வாக்கியம் இதுதான். வினா எங்கே இருக்கிறது, அடிக்கோடிடு என்றால் ஐந்து சொற்களுக்குக் கோடு விழும். யானையில் ‘யா’ இருக்கிறது, எப்போது, என்று இரண்டிலும் ‘எ’ இருக்கிறது, ஏட்டையாவில் ‘ஏ’, தெரியுமாவில் ‘ஆ’. பிள்ளைகள் மேல் தப்பில்லை. வினா எழுத்துகள் ஐந்து என்று மனப்பாடம் செய்யவைத்துவிட்டு, அவற்றைத் தேடச் சொன்னால் அப்படித்தான் தேடுவார்கள்.

முதல் படி: ஐந்து எழுத்தும் அவை நிற்கும் இடமும்

எ, யா, ஆ, ஓ, ஏ என்ற ஐந்தும் வினா எழுத்துகள். எ, யா இரண்டும் சொல்லின் முதலில் வந்து வினவும்: எங்கு, எவர், யார், யாது. ஆ, ஓ இரண்டும் சொல்லின் கடைசியில் ஒட்டும்: வந்தானா, தெரியுமோ. ஏ இரண்டு இடத்திலும் வரும்: முதலில் ஏன், கடைசியில் நீதானே. நன்னூல் வகுத்த முறை இது. தொல்காப்பியம் ஆ, ஏ, ஓ என்ற மூன்றை மட்டுமே வினாவாகச் சொல்கிறது.

யார், ஏன், எது ஆகியவற்றில் வினா எழுத்தை எடுத்துவிட்டால் மிச்சத்துக்குப் பொருள் கிடையாது. இது அகவினா. ‘அவனா’ என்பதில் ஆ போனாலும் ‘அவன்’ நிற்கிறான். இது புறவினா.

இரண்டாம் படி: எடுத்துப் பார்

அம்மா, நிலா, பலா என்ற சொற்களும் ஆகாரத்தில்தான் முடிகின்றன. அவை வினா இல்லை என்று எப்படித் தெரியும்? கடைசி ஆவை எடுத்துப் பாருங்கள், ‘நில்’ என்றோ ‘பல்’ என்றோ சம்பந்தமில்லாத ஏதோ மிஞ்சும். நிலாவையே வினாவாக்க வேண்டுமானால் இன்னொரு ஆ சேர்த்து ‘நிலாவா’ என்றுதான் கேட்க வேண்டும்.

நடுவில் வந்த அந்த ‘வ்’ உடம்படுமெய். ஆவைப் பிரிக்க, அது எப்படி ஒட்டுகிறது என்பது தெரிய வேண்டும். தம்பி தம்பியா ஆகும், மலை மலையா ஆகும், பூவும் பசுவும் பூவா, பசுவா ஆகும். வீடு, வந்தது போன்ற குற்றியலுகரச் சொற்களில் கடைசி உகரம் மறைந்து வீடா, வந்ததா என்று வரும். கல் போலத் தனிக்குறிலை அடுத்த மெய் இரட்டித்துக் கல்லா ஆகும். பிரிக்கும்போது இதையே பின்னோக்கிச் செய்யுங்கள்.

மூன்றாம் படி: விடையைச் சொல்லிப் பார்

எழுத்தைத் தேடுவதைவிட எனக்கு நம்பிக்கையான வழி இது. கேள்விக்கு ஒரு முழு வாக்கியத்தில் விடை சொல்லுங்கள். விடையில் எந்தச் சொல் மாறி வேறு சொல் வந்து உட்காருகிறதோ, அதுவே வினாச் சொல்.

‘தஞ்சைப் பெரிய கோயிலைக் கட்டியவர் யார்?’ என்பதற்கு ‘தஞ்சைப் பெரிய கோயிலைக் கட்டியவர் முதலாம் இராசராசன்’ என்பது விடை. யார் போய் இராசராசன் வந்தார், மற்றதெல்லாம் அப்படியே இருக்கிறது.

‘விடைக்கேற்ற வினா அமைக்க’ என்று தேர்வில் வரும் பகுதிக்கு இதையே திருப்பிப் போட வேண்டும். ‘பாட்டி பேத்திக்குக் கொலுசு வாங்கினாள்’ என்பதில் ‘பேத்திக்கு’ அடிக்கோடிடப்பட்டிருந்தால் ‘பாட்டி யாருக்குக் கொலுசு வாங்கினாள்?’ என்று கேட்க வேண்டும். ‘பாட்டி யாரைக் கொலுசு வாங்கினாள்’ என்று எழுதிய விடைத்தாள்களை நான் திருத்தியிருக்கிறேன். விடைச்சொல் எந்த வேற்றுமை உருபோடு நிற்கிறதோ அதே உருபோடு வினாச் சொல்லும் நிற்க வேண்டும். கொலுசுக்குக் கோடு என்றால், உருபு வெளிப்படாததால், ‘என்ன வாங்கினாள்’ என்பதே போதும்.

எழுதும்போது ஒரு கவனம்: எந்த, எப்படி இரண்டுக்கும் பின் வல்லினம் மிகும். எந்தக் கடை, எப்படிச் செய்தாய். என்ன, எத்தனை, எவ்வளவு இவற்றுக்குப் பின் மிகாது.

நான்காம் படி: ஆ எந்தச் சொல்லில் ஒட்டியிருக்கிறது?

தமிழில் ஆ வினைமுற்றோடு மட்டும் ஒட்டிக்கொண்டிருப்பதில்லை. எதைப் பற்றிச் சந்தேகமோ அந்தச் சொல்லில் போய் ஒட்டிக்கொள்ளும்.

‘நீ நேற்று மதுரைக்குப் போனாயா?’ என்றால் போனதே சந்தேகம். ‘இல்லை, போகவில்லை’ என்று பதில் வரும். ‘நீ நேற்று மதுரைக்கா போனாய்?’ என்றால் நீ போனது எனக்குத் தெரியும், ஊர்தான் சந்தேகம். ‘இல்லை, திருச்சிக்கு’ என்பாய். ‘நேற்றா மதுரைக்குப் போனாய்?’ என்றால் ‘இல்லை, முந்தாநாள்’. ‘நீயா போனாய்?’ என்றால் ‘இல்லை, அண்ணன்’.

‘இல்லை’க்குப் பிறகு எந்தச் சொல் வருகிறது என்று கவனித்தால் வினா எங்கே இருக்கிறது என்று கையும் களவுமாகப் பிடித்துவிடலாம். வினா வாக்கியத்தின் கடைசியில்தான் இருக்கும் என்று நினைப்பவர்கள் தடுமாறுவது இங்கேதான்.

ஐந்தாம் படி: வினாச் சொல் இருந்தும் வினா இல்லாத இடங்கள்

‘யாரோ கதவைத் தட்டுகிறார்கள்.’ இதில் யார் இருக்கிறது, ஓவும் இருக்கிறது, ஆனால் யாரும் எதையும் கேட்கவில்லை. வினாச் சொல்லோடு ஓ சேர்ந்தால் ‘இன்னாரென்று தெரியாத ஒருவர்’ என்ற பொருள் வந்துவிடும். எங்கோ, எதையோ, எப்போதோ எல்லாம் இந்த வகை. உம் சேர்ந்து வரும் யாரும், எதுவும், எங்கும் என்பவையும் வினா அல்ல.

சொல்லின் கடைசி ஏவும் ஏமாற்றும். ‘நீதானே பூட்டினாய்?’ என்பது வினா. ‘நானே பூட்டினேன்’ என்பதில் அதே ஏ உறுதிக்கு வந்திருக்கிறது, அதைத் தேற்றம் என்பார்கள்.

‘அவன் எங்கே போனான் என்று எனக்குத் தெரியாது’ என்பதிலும் கேள்வி இல்லை. ‘எங்கே’ என்ற வினாவை ‘என்று’ ஒரு பொட்டலமாகக் கட்டி உள்ளே வைத்துவிட்டது. வாக்கியம் செய்திதான், முற்றுப்புள்ளிதான் போட வேண்டும். கேள்விக்குறி போடுகிற பழக்கம் பெரியவர்களிடமும் உண்டு.

ஏட்டையாவிடம் திரும்புவோம்

யானையில் யா இருந்தும் அது எதையும் வினவவில்லை. யானைக்குப் பதில் வேறு சொல் எதுவும் விடையில் வரப்போவதில்லை. ஏட்டையாவும் அப்படியே. ‘என்று’ வெறும் இணைப்புச் சொல். எப்போது என்பது உண்மையான வினாச் சொல்தான், ஆனால் ‘என்று’ கட்டிய பொட்டலத்துக்குள் கிடக்கிறது. மிஞ்சுவது ‘தெரியுமா’. வாக்கியத்தைக் கேள்வியாக்குவது அதன் கடைசி ஆ, அதற்கு விடை ‘தெரியும்’ அல்லது ‘தெரியாது’. நடைமுறையில் எந்த ஏட்டையாவும் ‘தெரியும்’ என்று மட்டும் சொல்லிவிட்டுப் போக மாட்டார், ‘காலையில் ஆறு மணிக்கு’ என்று பொட்டலத்தையும் பிரித்துக் கொடுத்துவிடுவார்.

இப்போது நீங்கள் ஒன்றைச் செய்து பாருங்கள்: ‘எருமையை யாரோ அவிழ்த்துவிட்டார்கள் என்று அம்மாவா சொன்னாள்?’ கோடு ஒரே ஒரு சொல்லுக்குத்தான் விழ வேண்டும்.