அறிக்கையில் காணாமல் போன ஒரு சதவீதம்



சென்ற ஆண்டு ஜகாத் வரவு செலவு அறிக்கையை அச்சடித்துப் பள்ளிவாசல் முகப்பில் ஒட்டியிருந்தோம். ஜும்ஆ முடிந்து செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது ஜமாஅத்துப் பெரியவர் ஒருவர் எங்களை நிறுத்தி, "செயலாளர் பாய், சதவீதத்தை எல்லாம் கூட்டிப் பாத்தேன். 99 தான் வருது. பாக்கி ஒண்ணு எங்கே?" என்று கேட்டார். அவர் சந்தேகப்பட்டுக் கேட்கவில்லை. ஆனால் பக்கத்தில் நின்ற நாலு பேர் காதிலும் அது விழுந்தது. அந்த ஆண்டு வினியோகித்த மொத்தத் தொகை 6,00,000 ரூபாய். அதில் ஒரு சதவீதம் என்றால் 6,000 ரூபாய். மக்கள் அமானிதமாகத் தந்த பணத்தில் 6,000 ரூபாய்க்குப் பதில் இல்லை என்ற பேச்சு ஊரைச் சுற்றி வர அஸர் வரைகூட ஆகாது.

பணம் எதுவும் குறையவில்லை. ரூபாய்க் கணக்கு கடைசி ரூபாய் வரை சரியாக இருந்தது. கோளாறு சதவீதத்தை முழு எண்ணாக்கியதில்தான். இனி வரும் அறிக்கைகளைப் படிப்பவர்களும், மகளிர் குழு, மதரஸா என்று சிறு கணக்குகள் எழுதுபவர்களும் தெரிந்துகொள்வதற்காக அதை இங்கே விளக்குகிறோம். அந்த அறிக்கையின் எண்கள் இவை:

கல்வி உதவி: 2,00,220 ரூபாய் (33.37 சதவீதம்)
ஏழை விதவையர் மாத உதவி: 1,57,440 ரூபாய் (26.24)
மருத்துவ உதவி: 1,10,760 ரூபாய் (18.46)
சிறுதொழில் உதவி: 79,860 ரூபாய் (13.31)
கடன் தீர்ப்பு: 51,720 ரூபாய் (8.62)

இந்த ஐந்தையும் கூட்டினால் சரியாக 100. ஆனால் சுவரொட்டியில் புள்ளியும் பின்னமும் வேண்டாம் என்று, பாதிக்குக் குறைந்தால் விட்டுவிடுவது, பாதிக்கு மேல் போனால் ஒன்று கூட்டுவது என்ற பள்ளிக்கூட வழக்கப்படி எழுதினோம். 33, 26, 18, 13, 9 என்று வந்தது. கூட்டினால் 99. முதல் நான்கு இனங்களிலும் நாம் விட்ட பின்னங்கள் சேர்ந்து 1.38. கடைசி இனத்தில் நாம் ஏற்றியது 0.38 மட்டுமே. வித்தியாசம் சரியாக ஒன்று. காணாமல் போன சதவீதம் அந்த நான்கு பின்னங்களில்தான் இருந்தது.

அச்சுக்குப் போகும் முன்பே இது ஏன் கண்ணில் படவில்லை என்றால், எக்செல் நம்மை ஏமாற்றிவிட்டது. கட்டத்தில் 18 என்று காட்டினாலும் உள்ளே அது 18.46 என்றே வைத்திருக்கும். கூட்டும்போது உள்ளே இருப்பதைக் கூட்டி, அடியில் 100 என்று காட்டிவிடும். அதனால் அடியில் வரும் கூட்டுத்தொகையை நம்பாமல், அச்சில் வரப்போகும் எண்களை ஒருவர் கையால் கூட்டிப் பார்த்துவிட வேண்டும்.

இதைச் சரிசெய்யச் சிலர் கையாளும் குறுக்கு வழி ஒன்று உண்டு. குறையும் ஒன்றை இருப்பதிலேயே பெரிய இனத்தில் சேர்த்துவிடுவார்கள். கல்வி 34 ஆகிவிடும், கூட்டு 100 வந்துவிடும், பெரிய எண்ணில் ஒன்று கூடினால் யாருக்கும் தெரியாது என்பது அவர்கள் வாதம். நமக்கு அது பிடிக்கவில்லை. எப்போதும் ஒரே இனம் பெருத்துக் காட்டப்படும். அதோடு 33.37ஐ 34 என்று எழுதினால் 0.63 அளவுக்கு உண்மையை விட்டு விலகுகிறோம்.

இதைவிட நியாயமான வழி மிச்சங்களை ஒப்பிடுவது. முதலில் பாதி, பாதிக்கு மேல் என்று பார்க்காமல், எல்லா எண்களிலும் புள்ளிக்குப் பின்னால் இருப்பதை வெட்டிவிடுங்கள். 33, 26, 18, 13, 8 வரும். கூட்டினால் 98. நூறுக்கு இரண்டு குறைகிறது. அந்த இரண்டையும், வெட்டியதில் யாருக்கு மிச்சம் அதிகமோ அவர்களுக்கு ஆளுக்கு ஒன்றாகக் கொடுங்கள். கடன் தீர்ப்பின் மிச்சம் 0.62, அதுதான் பெரியது. அடுத்தது மருத்துவத்தின் 0.46. ஆகவே 33, 26, 19, 13, 9 என்றாகி நூறு நிறைகிறது. இது புதிய தந்திரம் அல்ல. அமெரிக்காவில் மாநிலங்களுக்கு இடையே நாடாளுமன்ற இடங்களைப் பங்கிட 1792-இல் அலெக்சாண்டர் ஹாமில்டன் ஆதரித்த முறைதான். அரை உறுப்பினரைத் தேர்ந்தெடுக்க முடியாதே!

"18.46ஐ எப்படி 19 ஆக்குவீர்கள்?" என்று அறங்காவலர் கூட்டத்தில் கேள்வி வந்தது. நல்ல கேள்விதான். அந்த எண்ணை மட்டும் தனியாகப் பார்த்தால் 18 என்று எழுதுவதே சரி. ஆனால் நூறு நிறைய வேண்டுமென்றால் யாராவது ஒருவர் கூடுதலாக ஒன்றை ஏற்றே ஆகவேண்டும். மருத்துவம் ஏற்றால் விலகல் 0.54. கல்வி ஏற்றால் 0.63, சிறுதொழில் ஏற்றால் 0.69, விதவையர் உதவி ஏற்றால் 0.76. இருப்பதில் குறைந்த விலகல் மருத்துவத்துக்குத்தான்.

மதரஸாவில் ஃபராயிழ் படித்தவர்களுக்கு இங்கே ஒன்று நினைவுக்கு வரலாம். மனைவியும் மூன்று ஆண் மக்களும் மட்டும் வாரிசாக இருந்தால், சொத்தை எட்டாகப் பிரித்து மனைவிக்கு ஒன்று போக மீதி ஏழு. அது மூவருக்குச் சரியாகப் பங்காகாது. அதற்காக ஹஜ்ரத்மார்கள் ஒருவருக்குக் கூட்டி ஒருவருக்குக் குறைப்பதில்லை. எட்டை இருபத்து நான்காக உயர்த்துகிறார்கள். மனைவிக்கு 3, மக்களுக்கு ஆளுக்கு 7. யாருக்கும் பின்னமில்லை. தஸ்ஹீஹ் என்பது இதுதான். உரிமையைப் பங்கிடும் இடத்தில் கூட்டிக் குறைக்கும் பேச்சுக்கே இடமில்லை. சதவீதத்தில் நாம் நூறு என்ற எண்ணை மாற்ற முடியாது, அதனால்தான் இந்தச் சங்கடம். மேலே சொன்ன முறை அறிக்கையில் காட்டுவதற்கு மட்டுமே, பணம் கொடுப்பதற்கு அல்ல.

இதில் உண்மையாகவே ஆபத்து இருக்கிறது. அடுத்த ஆண்டுக்கு ஒதுக்கீடு செய்யும்போது யாராவது பழைய அறிக்கையை எடுத்து "மருத்துவம் 19 சதவீதம்" என்று பெருக்கினால் 1,14,000 ரூபாய் வரும். உண்மையில் செலவானது 1,10,760. அந்த 3,240 ரூபாய் வேறொரு இனத்தின் பங்கிலிருந்து வந்தாக வேண்டும். அதேபோல், ஓர் ஆண்டு 18 என்றும் மறு ஆண்டு 19 என்றும் பார்த்துவிட்டு "மருத்துவச் செலவு கூடிவிட்டது" என்று முடிவு கட்டக்கூடாது. செலவு மாறாமலே, மற்ற இனங்களின் மிச்சங்களைப் பொறுத்து அந்த ஒன்று இடம் மாறியிருக்கலாம். ஒப்பிடுவதென்றால் ரூபாயை ஒப்பிடுங்கள்.

கூட்டு நூறு வராத எல்லா இடத்திலும் முழு எண்ணாக்கியதே காரணம் என்று விட்டுவிடவும் கூடாது. பள்ளிக்கூட வழக்கப்படி எழுதினால் ஓர் இனத்தில் அதிகபட்சம் அரை சதவீதம்தான் பிசகும். ஐந்து இனங்களில் இரண்டரை. ஆகவே கூட்டு 98க்குக் குறையவோ 102க்கு மேல் போகவோ வழியே இல்லை. 97 வந்தால் ஏதோ ஒரு தொகை விடுபட்டிருக்கிறது, அல்லது தவறாகப் பதிவாகியிருக்கிறது. அப்போது பேரேட்டைத் திறக்க வேண்டும்.

மூன்று இனங்களுக்குச் சரிசமமாகச் செலவழித்திருந்தால் இந்த முறையும் கைகொடுக்காது. மூன்றுக்கும் 33.33, மிச்சமும் ஒன்றே. யாருக்குக் கூட்டுவது? அந்த நிலையில் மூன்றையும் 33 என்றே எழுதி, "முழு எண்ணாக்கியதால் கூட்டு 99" என்று அடியில் ஒரு வரி போட்டுவிடுவோம்.

இன்ஷா அல்லாஹ், வரும் அறிக்கையில் சதவீதத்துக்குப் பக்கத்திலேயே ரூபாய்த் தொகையும் இருக்கும். கேள்வி கேட்ட பெரியவரிடமே முதல் பிரதியைக் கொடுத்துக் கூட்டிப் பார்க்கச் சொல்வதாக இருக்கிறோம்.