குடோனை இன்னும் கூட்ட வேண்டாம், அண்ணா

அன்புள்ள அண்ணாவுக்கு,

நேற்று காலை எரிந்த குடோனில் உங்கள் பக்கத்தில் நின்றபோது எனக்கு ஒன்றும் சொல்ல வரவில்லை. நீங்களும் பேசவில்லை. அப்பா முதன்முதலில் வாங்கிப் போட்ட அந்தப் பழைய பவர் டேபிள் மெஷினை மட்டும் காலால் புரட்டிப் பார்த்தீர்கள். அதற்கு ஈடு எந்தப் பாலிசியிலும் கிடையாது. வாட்ச்மேனும் ராத்திரி ஷிப்ட் பிள்ளைகளும் தப்பித்தார்கள் என்று வருகிறவர்கள் எல்லோரும் சொல்கிறார்கள். அது உண்மைதான். ஆனால் இருபது வருட உழைப்பு கரியாகிக் கிடக்கும்போது அந்த ஆறுதல் காதில் ஏறாது என்பதும் எனக்குத் தெரியும்.

நேரில் சொன்னால் பாதி மறந்துபோகும் என்றுதான் மின்னஞ்சலில் எழுதுகிறேன். அண்ணியும் தம்பியும் கூடப் படிக்கட்டும். இன்றைக்கு முழுவதும் படிக்க முடியாவிட்டால் அடுத்த பத்தி மட்டும் போதும்.

குடோனைக் கூட்ட வேண்டாம். எரிந்த பேல்களையும் சாம்பலையும் கருகிய ரேக்குகளையும் சர்வேயர் பார்த்து, அளந்து, படம் எடுத்த பிறகுதான் நகர்த்த வேண்டும். ஆனால் அப்படியே விட்டுவிடவும் கூடாது. மிஞ்சியதைக் காப்பாற்றுவது பாலிசிப்படி உங்கள் கடமை. அதனால் வீடியோ எடுத்துவிட்டு, நனையாத துணியை இன்றே வேறு இடத்துக்கு மாற்றுங்கள். நனைந்த துணியைத் தனியாகப் பிரித்து உலர்த்துங்கள். மூட்டையாகவே கிடந்தால் மூன்றே நாளில் பூஞ்சை பிடித்துவிடும். அந்த இழப்பை நம் தலையில் கட்டுவார்கள். தண்ணீர் பட்ட ஓவர்லாக், பிளாட்லாக் மெஷின்களைத் துடைத்து எண்ணெய் போடச் சொல்லுங்கள். ஓடுகிறதா என்று பார்க்க யாரும் ஸ்விட்ச் போடக் கூடாது.

தகவல் தெரிவிக்கும் வேலையில் பாதி முடிந்தது. இன்சூரன்ஸ் கம்பெனிக்கு நேற்றே எழுத்தில் கொடுத்துவிட்டேன். தீயணைப்பு நிலையத்தின் அறிக்கைக்குத் தம்பி மனுப் போடட்டும். போலீஸ் ஸ்டேஷனில் புகார் கொடுத்து சி.எஸ்.ஆர். ரசீதும் வாங்கி வரட்டும்.

தீ எப்படிப் பிடித்தது என்று சர்வேயர் கேட்பார். ‘ஷார்ட் சர்க்யூட்னு சொல்லிடாதீங்க, பணம் வராது’ என்று நேற்று ஒருவர் உங்கள் காதில் சொன்னது என் காதிலும் விழுந்தது. அது தவறு. ஷார்ட் சர்க்யூட்டால் கெட்டுப்போன அந்த ஒரு மின்சாதனத்துக்குத்தான் பணம் கிடையாது. அதிலிருந்து பரவிய தீயில் எரிந்த சரக்குக்கும் கட்டடத்துக்கும் மற்ற மெஷின்களுக்கும் உண்டு. தெரிந்ததைத் தெரிந்தபடி சொல்லுங்கள், தெரியாததைத் தெரியாது என்று சொல்லுங்கள். ஒரு பொய் பிடிபட்டால் மொத்தக் கிளெய்மும் போய்விடும்.

இனி சொல்லப்போவதுதான் கஷ்டமான விஷயம். சர்வேயர் சொல்லி நீங்கள் கேட்பதைவிட நானே சொல்லிவிடுகிறேன்.

ஆபீஸ் ரூமோடு கணக்குப் புத்தகங்களும் எரிந்துவிட்டன. ஆனால் சரக்கு எவ்வளவு இருந்தது என்பதை வெளியே இருக்கும் ஆதாரங்களை வைத்தே கட்டி எழுப்பலாம். ஆடிட்டர் கையில் போன மார்ச் 31 இருப்புக் கணக்கு இருக்கிறது. ஜி.எஸ்.டி. தளத்தில் நம் விற்பனையும், நூல்காரர்கள் காட்டிய பில்களும் இருக்கின்றன. ஈ-வே பில்லும் பேங்க் ஸ்டேட்மென்டும் இருக்கின்றன. நேற்று ராத்திரி ஆடிட்டரோடு உட்கார்ந்து தோராயமாகப் போட்டுப் பார்த்தேன். ஏப்ரலில் தொடக்க இருப்பு 40 லட்சம். அதன்பின் நூல், துணி, சாயம், தையல் கூலி எல்லாம் சேர்ந்து 3 கோடியே 20 லட்சம். விற்பனை 3 கோடியே 25 லட்சம். அதில் நம் வழக்கமான 20 சதவீத லாபத்தைக் கழித்தால் விற்ற சரக்கின் அடக்கம் 2 கோடியே 60 லட்சம். ஆக, தீப்பிடித்த அன்று குடோனில் இருந்திருக்க வேண்டிய சரக்கு 1 கோடி. இது அடக்க விலைதான். பையருக்குப் போகும் விலையை வைத்துக் கேட்க முடியாது.

இதில் 45 லட்சத்துக்கான சரக்கு தப்பியிருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். பாழானது 55 லட்சம். அரைகுறையாகக் கருகியதை விற்றால் 5 லட்சம் தேறும். நிகர இழப்பு 50 லட்சம். ஆனால் சரக்குக்கு நாம் எடுத்திருந்த காப்பீட்டுத் தொகை 75 லட்சம்தான். ‘இழப்பு 50, பாலிசி 75, அப்புறம் என்ன?’ என்று தோன்றும். கணக்கு அப்படிப் போகாது. 1 கோடி சரக்கில் முக்கால் பங்குக்குத்தான் பிரீமியம் கட்டியிருக்கிறோம் என்பதால் இழப்பிலும் முக்கால் பங்குதான் தருவார்கள். அதாவது 37 லட்சத்து 50 ஆயிரம். இதற்குப் பெயர் சராசரி விதி. 2021 ஏப்ரலில் வந்த ‘பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா’ பாலிசிதான் உங்களுடையது. அதில் 15 சதவீதம் வரை குறைவாக எடுத்திருந்தால் பொறுத்துக்கொள்வார்கள். 85 லட்சத்துக்கு எடுத்திருந்தால் இந்த வெட்டு விழுந்திருக்காது. நம் குறைவு 25 சதவீதம்.

போன ரினிவலில் சரக்குத் தொகையை 1 கோடியாக்கலாம் என்று நான் எழுதியிருந்தேன். ‘அடுத்த வருஷம் பாக்கலாங்க’ என்றீர்கள். நான் இரண்டாம் முறை போன் செய்யவில்லை. செய்திருக்க வேண்டும். புரோக்கர் என்பவன் கம்பெனியின் ஆள் அல்ல, உங்கள் ஆள். பிரீமியம் அதிகமாகிறதே என்று நீங்கள் முகம் சுளித்தாலும் வற்புறுத்தியிருக்க வேண்டியது என் வேலை. இந்தப் பன்னிரண்டரை லட்சம் என் மனதிலும் கிடக்கிறது.

இன்னொரு முடிச்சும் இருக்கிறது. போன மாதம் பேங்குக்குக் கொடுத்த ஸ்டாக் ஸ்டேட்மென்டில் 1 கோடியே 20 லட்சம் என்று இருக்கிறது. சர்வேயர் முதலில் கேட்கும் தாள்களில் அது ஒன்று. அந்த 20 லட்சம் ஜாப் ஒர்க்குக்கு வந்த வெளியார் துணி என்று தம்பி சொல்கிறான். அப்படியென்றால் அவர்களுடைய டெலிவரி சலானை வைத்து, சர்வேயர் கேட்கும் முன்பே நாமே எழுதிக் கொடுத்துவிடுவோம். பேங்கிலும் அதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். அடுத்தவர் சரக்குக்குப் பாலிசியில் இடம் இருக்கிறதா என்று அட்டவணையை வரி வரியாகப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன். அதுவரை துணி கொடுத்தவர்களுக்கு எந்த வாக்கும் கொடுக்காதீர்கள்.

பணம் முதலில் பேங்குக்குத்தான் போகும், சரக்கு அவர்களிடம் அடமானம். அதனால் மேனேஜரை இந்த வாரமே பார்த்து, லிமிட்டை எப்படித் தொடர்வது என்று பேச வேண்டும், நானும் வருகிறேன். மெஷின்களுக்குப் புது விலை கிடைக்கும், ஆனால் புதிது வாங்கிப் போட்ட பிறகுதான். அதுவரை தேய்மானம் கழித்த மதிப்புதான். எரிந்த நூலுக்கு எடுத்த ஜி.எஸ்.டி. வரவைத் திருப்பிக் கட்ட வேண்டிவரும்; அதை ஆடிட்டர் பார்த்துக்கொள்வார். உற்பத்தி நின்றுபோன நஷ்டத்துக்கு இந்தப் பாலிசியில் எதுவும் இல்லை. நம்பிக்கை கொடுத்துப் பிறகு பறிக்க எனக்கு மனமில்லை.

கடைசியில், முழுத் தொகையும் பெற்றுக்கொண்டேன் என்று ஒரு தாளில் கையெழுத்துக் கேட்பார்கள். எவ்வளவு நெருக்கடி இருந்தாலும் என்னிடம் காட்டாமல் போடாதீர்கள்.

சர்வேயர் நாளை பத்து மணிக்கு வருகிறார். நான் எட்டுக்கே வந்துவிடுவேன். குடோன் சாவி தம்பியிடமே இருக்கட்டும், உள்ளே வேறு யாரும் போக வேண்டாம். கேட் அருகே உட்கார இரண்டு நாற்காலி மட்டும் போடச் சொல்லுங்கள். டிபன் நான் வாங்கி வருகிறேன். அண்ணி நேற்றிலிருந்து நீங்கள் ஒன்றும் சாப்பிடவில்லை என்றார்.

இப்படிக்கு,
உங்கள் புரோக்கர்