"ஏன் அந்த வேலையை விட்டீங்க?" – அக்கா சொல்லும் வழி

தங்கச்சி, நேர்முகத்தில் போய் உட்காருவதற்கு முன்பே அந்தக் கேள்வி தாளில் வந்துவிடும். சிராங்கூன் ரோட்டுக் கடையோ, ஊருக்குள் பெரிய கம்பெனியோ, விண்ணப்பப் படிவத்தில் 'முந்தைய வேலையை விட்ட காரணம்' என்று ஒரு சின்னக் கட்டம் இருக்கும். பல படிவங்களில் கடைசிப் பக்கத்தில் 'எப்போதாவது வேலைநீக்கம் செய்யப்பட்டிருக்கிறீர்களா? ஆம், இல்லை' என்றும் கேட்டிருப்பார்கள். அதற்குக் கீழேதான் உன் கையெழுத்து. கொடுத்த விவரம் பொய் என்று தெரிந்தால் வேலையை விட்டு நீக்கிவிடலாம் என்ற வரியும் அங்கேயே இருக்கும். பயத்தில் 'இல்லை' என்று டிக் செய்துவிட்டால், வேலையில் நன்றாக ஊன்றிய பிறகும் அந்த ஒரு கையெழுத்து உன்னை வெளியே அனுப்பப் போதும். 'ஆம்' என்று டிக் செய்து, 'நேரில் விளக்குகிறேன்' என்று எழுதிவிடு.

வேலை முடிந்த தேதியையும் நீட்டி எழுதாதே. சிங்கப்பூரரிடமும் நிரந்தரவாசியிடமும் மத்திய சேம நிதிக் கணக்கு விவரத்தைக் கேட்கிற முதலாளிகள் உண்டு. எந்தக் கம்பெனி எந்த மாதம்வரை சந்தா கட்டியது என்பது அதில் அப்படியே தெரியும்.

அடுத்து, உன்னை எப்படி அனுப்பினார்கள் என்று, அவர்கள் கொடுத்த கடிதத்தை எடுத்து நிதானமாகப் படி. இங்கேதான் பலர் குழம்புகிறார்கள். ஆட்குறைப்பு என்றால் அந்த வேலையே இல்லாமல் போனது என்று பொருள். உன் இடத்துக்கு உடனே வேறு ஆளை எடுத்திருந்தால் அதை ஆட்குறைப்பு என்று சொல்லாதே, அடுத்த கேள்வியிலேயே மாட்டிக்கொள்வாய். நோட்டீஸ் கொடுத்தோ, அதற்கான சம்பளத்தைக் கொடுத்தோ அனுப்பியிருந்தால் கடிதத்தில் காரணமே இல்லாமல் இருக்கலாம், இந்த ஊர்ச் சட்டத்தில் அதற்கு இடம் உண்டு. 'ஒழுங்கீனம்' என்று எழுதி, விசாரணை வைத்து, நோட்டீஸ் இல்லாமல் அனுப்பியிருந்தால் அது வேறு வகை. 'நீயே ராஜினாமா எழுதிக் கொடு, இல்லாவிட்டால் நாங்கள் நீக்குவோம்' என்று சொல்லி எழுதி வாங்கியிருந்தால், 'ராஜினாமா செய்யச் சொன்னார்கள், செய்தேன்' என்பதே உண்மை. உன் கதை எந்த வகை என்று உனக்கே தெரியாவிட்டால் வாயைத் திறந்ததுமே தடுமாற்றம் தெரிந்துவிடும்.

ஒரு பெண்ணின் கதையைச் சொல்கிறேன். தேக்கா பக்கத்தில் ஒரு கடையில் காசாளராக இருந்தாள். ஒரு சாயங்காலம் நல்ல கூட்டம். வாடிக்கையாளர் ஒருவர் பொருளைத் திருப்பிக் கொடுத்துப் பணம் கேட்டார். பணம் திருப்புவதற்கு சூப்பர்வைசர் தன் அட்டையைத் தட்டி அனுமதி கொடுக்க வேண்டும் என்பது அந்தக் கடை விதி. சூப்பர்வைசர் கடையில் இல்லை. கல்லாவில் அவர் விட்டுப்போன அட்டையை இவளே தட்டிப் பணத்தைக் கொடுத்துவிட்டாள். பணம் ஒரு காசு குறையவில்லை. ஆனாலும் விசாரணை நடந்தது, வேலை போனது.

அவள் முதலில் தயார் செய்து வைத்திருந்த பதில் இது: "அந்த சூப்பர்வைசர் எப்பவும் கடையில இருக்க மாட்டாருக்கா. அட்டையை அவர்தான் விட்டுட்டுப் போவார். எல்லாரும் அப்படித்தான் செய்வோம், என்னை மட்டும் பிடிச்சுக்கிட்டாங்க." இதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. ஆனால் ஆள் எடுக்கிறவர் காதில் விழுவது வேறு. விதி தெரிந்தும் மீறுகிற பழக்கம் இருந்திருக்கிறது, நாளைக்கு நம் கடையைப் பற்றியும் இப்படித்தான் பேசுவாள். இந்த இரண்டும்தான் அவர் மனதில் நிற்கும்.

அதையே மாற்றி இப்படிச் சொல்ல வைத்தேன்: "என்னை வேலையிலிருந்து நீக்கினாங்க. பணம் திருப்பிக் கொடுக்கிறதுக்கு சூப்பர்வைசர் அனுமதி வேணும். அவர் அந்த நேரம் கடையில இல்லை, நான் அவரோட அட்டையைப் பயன்படுத்திக் கொடுத்துட்டேன். பணம் குறையலை, ஆனா அது விதிமீறல், அதைச் செஞ்சது நான். இப்போ அப்படி ஒரு நிலைமை வந்தா வாடிக்கையாளரைக் காத்திருக்கச் சொல்லிட்டு சூப்பர்வைசருக்கு போன் போடுவேன்."

இரண்டு பதிலையும் பக்கத்தில் வைத்துப் பார். 'அந்த நேரம் கடையில் இல்லை' என்பது நடந்த சம்பவம், 'எப்பவும் இருக்க மாட்டார்' என்பது அந்த மனுஷர் மேல் தீர்ப்பு. சம்பவத்தைச் சொல்ல உனக்கு முழு உரிமை உண்டு, அதை மறைத்து எல்லாப் பழியையும் நீயே சுமக்க வேண்டியதில்லை. 'எப்பவும்', 'எல்லாரும்', 'என்னை மட்டும்' ஆகிய மூன்றையும் எடுத்துவிட்டால் கசப்பு முக்கால்வாசி போய்விடும். கடைசி வாக்கியம் கட்டாயம் வேண்டும், அதுவும் குறிப்பாக இருக்க வேண்டும். 'இனிமேல் கவனமாக இருப்பேன்' என்பதை யாரும் சொல்லலாம். யாருக்கு போன் செய்வாய், எதைத் தட்ட மாட்டாய் என்று சொன்னால்தான் நம்புவார்கள்.

கடிதத்தில் காரணமே இல்லையென்றால் நீயாக ஒன்றை இட்டுக்கட்டாதே. "நோட்டீஸ் கொடுத்து அனுப்பினாங்க, கடிதத்தில காரணம் போடலை. ஆனா கடைசி இரண்டு மாசம் என் விற்பனை இலக்கைவிடக் குறைவுன்னு மேலாளர் சொல்லியிருந்தார்" என்று, உனக்குத் தெரிந்த அளவோடு நிறுத்து.

இந்தப் பதிலைப் போனில் பதிவு செய்து கேட்டுப் பார். ஒரு நிமிடத்தைத் தாண்டினால் எங்கோ வழக்காட ஆரம்பித்துவிட்டாய் என்று அர்த்தம். 'அவங்க' என்று தொடங்கும் வாக்கியங்கள் 'நான்' என்று தொடங்குவதைவிட அதிகமா என்றும் எண்ணிப் பார். நேர்முகம் ஆங்கிலத்தில் என்றால் ஆங்கிலத்திலேயே பழகு. தமிழில் அடங்கியிருந்த கோபம், ஆங்கிலத்தில் சொல் கிடைக்காத இடத்தில் சட்டென்று வெளியே வரும்.

பதிலை முடித்தபின் வரும் அமைதிதான் ஆபத்து. எதிரே இருப்பவர் குனிந்து எழுதிக்கொண்டிருப்பார், நமக்குக் கை பரபரக்கும், 'ஆனா பாருங்க சார்' என்று தொடங்கிவிடுவோம். பேசாமல் இரு. "அவங்ககிட்ட நாங்க விசாரிக்கலாமா?" என்று கேட்டால், "கேளுங்க, நான் சொன்னதையேதான் சொல்வாங்க" என்று சொல்ல முடிகிற மாதிரி உன் பதில் இருக்க வேண்டும். கூடவே, உன் வேலையைப் பார்த்த வேறொருவரின் எண்ணையும் அவர் அனுமதியோடு கொடு.

நீக்கியதே அநியாயம் என்றால்? அதற்கு வேறு இடம் இருக்கிறது. டிஏடிஎம் என்ற முத்தரப்பு அமைப்பில், வேலையின் கடைசி நாளிலிருந்து ஒரு மாதத்துக்குள் மனு போட வேண்டும். அங்கே சமரசம் ஆகாவிட்டால் வேலை தொடர்பான கோரிக்கைகளுக்கான நடுவர் மன்றத்துக்குப் போகலாம், 2019 ஏப்ரலிலிருந்து தவறான வேலைநீக்க வழக்குகளை அதுதான் விசாரிக்கிறது. வற்புறுத்தி வாங்கிய ராஜினாமாவையும் அங்கே கொண்டுபோகலாம். மனு போட்டிருந்தால் நேர்முகத்தில், "அதில் எனக்கு உடன்பாடு இல்லை, முறைப்படி மனு கொடுத்திருக்கிறேன்" என்று சொல்லிவிட்டு, பேச்சைப் புது வேலைக்குத் திருப்பு.

எல்லா இடத்திலும் இது பலிக்காது. பணத்தைக் கையாளும் வேலை, பாதுகாப்பு வேலை போன்றவற்றில் 'ஆம்' என்று பார்த்ததுமே படிவத்தை ஓரம் வைக்கிறவர்கள் உண்டு. அங்கே உன் பேச்சில் குறையில்லை. அந்தப் பெண்ணும் கல்லா வேலைக்கே திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தபின், சரக்கு அடுக்கும் பிரிவில் கேட்டு ஒரு பேரங்காடியில் சேர்ந்தாள்.

வேலையின் கடைசி நாள் ஒரு மாதத்துக்குள் இருக்கிறதா என்று இன்றைக்கே கடிதத்தை எடுத்துப் பார், தங்கச்சி. இருந்து, நீக்கியது அநியாயம் என்றும் நினைத்தால் முதலில் டிஏடிஎம், பிறகு விண்ணப்பம்.