நடுத்தேக்கம் தருமா, வாங்குமா?

மூன்று நீர்த்தேக்கங்களிலிருந்து வரும் குழாய்கள் ஒரே சந்தியில் கூடும்போது, எந்தக் குழாயில் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்ற கேள்வி உண்மையில் ஒரே ஒரு குழாயைப் பற்றியதுதான். நீர்மட்டம் எல்லாவற்றிலும் உயர்ந்த மேல்தேக்கம் எப்போதும் தண்ணீரைத் தரும். தாழ்ந்த கீழ்த்தேக்கம் எப்போதும் வாங்கும். இவ்விரண்டிலும் சந்தேகத்துக்கு இடமில்லை. நடுத்தேக்கம் தருகிறதா, வாங்குகிறதா என்பதில்தான் தடுமாற்றம். இந்தக் கணக்கோடு நெடுநாள் பழகியதில் எனக்கு உறுதிப்பட்டிருக்கும் விஷயம் இது: மூன்று நீர்மட்டங்களை மட்டும் வைத்து நடுக்குழாயின் திசையைச் சொல்லவே முடியாது. ஓட்டங்களைத் தீர்க்கத் தொடங்குவதற்கு முன், திசைக்கென்று தனியாக ஒரு சோதனை போட வேண்டும்.

ஓர் உதாரணத்தை முழுமையாகப் பார்க்கலாம். நீர்மட்டங்கள் மேலே 120 மீட்டர், நடுவில் 100, கீழே 80. மேல்குழாயின் நீளம் 2000 மீட்டர், விட்டம் 300 மில்லிமீட்டர். நடுக்குழாய் 1000 மீட்டர், 200 மில்லிமீட்டர். கீழ்க்குழாய் 1500 மீட்டர், 250 மில்லிமீட்டர். டார்சி உராய்வு எண் மூன்றுக்கும் 0.02 என்று கொள்வோம். உராய்வில் இழக்கும் ஹெட், ஓட்டத்தின் இருபடியைக் குழாயின் தடையால் பெருக்கினால் வருவது. அந்தத் தடையைக் கணக்கிட, உராய்வு எண்ணையும் நீளத்தையும் 0.0826-ஆல் பெருக்கி, விட்டத்தின் ஐந்தாம் அடுக்கால் வகுக்க வேண்டும். நீளமும் விட்டமும் மீட்டரில், ஓட்டம் வினாடிக்குக் கன மீட்டரில். அப்படிச் செய்தால் மேல்குழாயின் தடை ஏறத்தாழ 1360, நடுக்குழாய்க்கு 5160, கீழ்க்குழாய்க்கு 2540.

இனிச் சோதனை. சந்தியில் மேல்நோக்கி ஒரு திறந்த குழாயை நட்டால் அதில் தண்ணீர் எந்த மட்டம் வரை ஏறி நிற்குமோ அதுவே சந்தியின் ஹெட். அது நடுத்தேக்கத்தின் மட்டத்துக்குச் சரியாக, அதாவது 100 மீட்டராக, இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். அப்போது நடுக்குழாயில் ஓட்டம் கிடையாது. மேலிருந்து சந்திக்கு 20 மீட்டர் ஹெட் வித்தியாசத்தில் வினாடிக்கு 121 லிட்டர் வருகிறது. சந்தியிலிருந்து கீழே, அதே 20 மீட்டர் வித்தியாசத்தில், 89 லிட்டர்தான் போகிறது. மீதி 32 லிட்டருக்கு வேறு வழியில்லை, நடுத்தேக்கத்துக்குத்தான் போயாக வேண்டும். ஆகவே சந்தியின் உண்மையான ஹெட் 100-க்கு மேலே இருக்கும். திசை தெரிந்தபின் ஹெட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக உயர்த்தி, வரவும் செலவும் சமமாகும் இடத்தைத் தேடினால் 102.2 மீட்டரில் நிற்கிறது. மேலிருந்து 114 லிட்டர் வந்து, நடுவுக்கு 21, கீழுக்கு 93 என்று பிரிகிறது.

இப்போது மூன்று நீர்மட்டங்களையும் அப்படியே விட்டுவிட்டுக் கீழ்க்குழாயை மட்டும் 300 மில்லிமீட்டராக மாற்றுங்கள். அதன் தடை 1020-ஆகக் குறைகிறது. அதே சோதனையில் மேலிருந்து வருவது பழைய 121 லிட்டர்தான். கீழே போகக்கூடியதோ 140. குறையும் 19 லிட்டரை நடுத்தேக்கம் ஈடுசெய்ய வேண்டியிருக்கிறது. வாங்கிக்கொண்டிருந்த தேக்கம் தரத் தொடங்கிவிட்டது. சந்தியின் ஹெட் 99.1 மீட்டருக்கு இறங்குகிறது, நடுவிலிருந்து 13 லிட்டர் வெளியேறுகிறது. மட்டங்களில் ஒரு சென்டிமீட்டர்கூட மாறவில்லை. மட்டங்களைப் பார்த்தே திசையைச் சொல்லலாம் என்பவர்களுக்கு இதைவிட நேரான பதில் என்னிடம் இல்லை.

இந்தச் சோதனையை ஏன் நம்பலாம் என்று கேட்பது நியாயம். சந்தியின் ஹெட் உயர உயர மேலிருந்து வரும் வரத்து குறையும், கீழே போவது கூடும். ஒன்று குறைந்துகொண்டே, மற்றது கூடிக்கொண்டே போவதால் சமநிலை ஒரே ஒரு இடத்தில்தான் அமையும். 100 மீட்டரில் வரத்து மிஞ்சினால் அந்த இடம் மேலே இருக்கிறது, குறைந்தால் கீழே. இதில் கவனிக்க வேண்டியது, நடுக்குழாயின் நீளமோ விட்டமோ இந்தத் தீர்ப்பில் எங்குமே வரவில்லை என்பது. அந்தக் குழாயைப் பெரிதாக்கினால் அதில் ஓடும் அளவு மாறும், திசை மாறாது. நடுத்தேக்கத்தை நிரப்ப அதன் குழாயைப் பெரிதாக்கலாம் என்ற யோசனை, அது ஏற்கெனவே வாங்கும் நிலையில் இருந்தால் மட்டுமே உதவும். தரும் நிலையில் இருந்தால் இன்னும் வேகமாகக் காலியாகும்.

கணினி இருக்கும்போது இதெல்லாம் எதற்கு, திசையை எப்படி ஊகித்தாலும் விடை எதிர்க்குறியோடு வந்துவிடுமே என்பது அடுத்த ஆட்சேபம். குழாய் வலையமைப்புக்கென்றே எழுதப்பட்ட மென்பொருள்களில் அது உண்மை; ஓட்டம் திரும்பினால் இழப்பின் குறியும் திரும்பும்படி அவை எழுதப்பட்டிருக்கின்றன. கையால் போடும் கணக்கிலும் சொந்தமாக எழுதும் விரிதாளிலும் அப்படி நடக்காது. இருபடி குறியை விழுங்கிவிடும். முதல் உதாரணத்தில் நடுத்தேக்கம் தருகிறது என்று ஊகித்துத் தொடங்கினால், சந்தியின் ஹெட்டை 100-க்குக் கீழே இறக்க இறக்க வரவு கூடிச் செலவு குறையும். எத்தனை முறை திருத்தினாலும் கணக்கு மூடாது. திருத்தத் திருத்த இடைவெளி அகன்றுகொண்டே போனால், எண்களைச் சந்தேகிப்பதற்கு முன் திசையைச் சந்தேகியுங்கள்.

சந்தி பள்ளத்தில் இருக்கிறது, ஆகவே நடுத்தேக்கத்திலிருந்து தண்ணீர் அங்கே இறங்கத்தானே செய்யும் என்ற எண்ணம் இன்னொன்று. இதை அடிக்கடி கேட்கலாம். நிரம்பி ஓடும் குழாயில் சந்தியின் தரைமட்டம் அங்குள்ள அழுத்தத்தைத்தான் மாற்றும், திசையை மாற்றாது. திசையை உண்மையிலேயே மாற்றக்கூடியவை வேறு. மேல்குழாய் ஒரு பழைய இரும்புக் குழாயாக இருந்து, உள்ளே துருக்கட்டிகள் படிந்து உராய்வு எண் 0.04 ஆகிவிட்டது என்று வையுங்கள். 100 மீட்டர் சோதனையில் வரத்து 86 லிட்டராகச் சுருங்கும். கீழே போகும் 89-க்கு அது போதாது, திசை திரும்பிவிடும். சந்தியிலிருந்தே ஊருக்குத் தண்ணீர் எடுத்தாலும் அப்படித்தான். முதல் உதாரணத்தில் இரவில் 10 லிட்டர் எடுக்கும்போது நடுத்தொட்டி நிரம்பும். காலையில் 40 லிட்டர் எடுத்தால் அதே தொட்டி தரத் தொடங்கும். சமநிலைத் தொட்டி என்று கட்டப்படுபவை இந்த மாற்றத்தை நம்பித்தான் வேலை செய்கின்றன.

உராய்வு எண் நிச்சயமில்லாத பழைய குழாய்களில் கணக்கைவிட அளவீட்டையே நான் நம்புவேன். நடுக்குழாயின் வால்வை மூடிவிட்டு, சந்தியில் ஒரு பிரஷர் கேஜை வைத்துப் பாருங்கள். முதல் உதாரணத்தில் வால்வு மூடியிருக்கும்போது சந்தியின் ஹெட் 106 மீட்டர். அது நடுத்தேக்கத்தின் 100-ஐ விட அதிகம், எனவே வால்வைத் திறந்தால் தண்ணீர் அங்கே போகும். திறந்தே வைத்துப் பார்த்தால் வித்தியாசம் வெறும் 2.2 மீட்டர், மூடினால் 6 மீட்டர். கேஜில் 0.1 கிலோ என்பது ஒரு மீட்டர் ஹெட், ஆகவே மூடிப் பார்ப்பதில்தான் தெளிவு கிடைக்கும். கேஜின் மையம் 70 மீட்டர் மட்டத்தில் இருந்தால், 3.6 கிலோ காட்டும். வாங்குவதற்கும் தருவதற்கும் இடையிலான எல்லை 3.0. அந்த 70 மீட்டரைத் தரையிலிருந்து குத்துமதிப்பாக எடுக்காமல், தேக்கத்தின் நீர்மட்டத்தை அளந்த அதே பெஞ்ச்மார்க்கிலிருந்து லெவல் கருவியால் கேஜின் மையம் வரை அளந்து எடுங்கள்.