ஒரு டி.எஸ்.எச். உண்மையில் எவ்வளவுக்கு முடிகிறது?

சிறிய லேப் நடத்துபவரிடம் தைராய்டு டி.எஸ்.எச். சோதனைக்கு என்ன செலவு என்று கேட்டால், பெரும்பாலும் கிட் விலையை நூறால் வகுத்துச் சொல்வார். 6,000 ரூபாய் கிட், 100 டெஸ்ட், ஆக 60 ரூபாய். நோயாளியிடம் 250 வாங்குகிறோம், 190 மிச்சம். ஆனால் மாதக் கடைசியில் கல்லாவில் அந்த 190 இருப்பதில்லை. எங்கே போகிறது என்று ஒரு லேப்பை வைத்துப் பார்ப்போம். கீழே உள்ள விலைகள் கணக்குக்காக எடுத்துக்கொண்டவை. உங்கள் பில்லில் உள்ள எண்களைப் போட்டு மாற்றிக்கொள்ளுங்கள்.

சிறு நகரம், ஒரே டெக்னீஷியன், 6 லட்சத்துக்கு வாங்கிய சிறிய கெமிலுமினசென்ஸ் இயந்திரம். அதில் இப்போதைக்கு ஓடுவது டி.எஸ்.எச். மட்டும். நாளுக்கு 5 பேர், மாதம் 26 வேலை நாள், ஆக 130 நோயாளிகள்.

முதலில் ரீஏஜென்ட். கிட்டைக் குடிப்பது நோயாளிகள் மட்டுமல்ல. தினமும் காலையில் இரண்டு நிலை கன்ட்ரோல் ஓட்ட வேண்டும். மாதத்துக்கு அதுவே 52. காலிப்ரேஷனுக்கு ஒரு 4. சந்தேகப்பட்டு மறுபடி ஓட்டுவது ஒரு 4. மொத்தம் 190 ஓட்டம், வெளியே போகும் ரிப்போர்ட் 130. ஓட்டத்துக்கு 60 ரூபாய் கிட், 10 ரூபாய் குவெட்டும் வாஷ் திரவமும் என்றால் 13,300. கன்ட்ரோல் சீரத்துக்கு மாதம் 1,500. கூட்டி 130-ஆல் வகுத்தால் ஒரு ரிப்போர்ட்டுக்கு 114 ரூபாய். ரத்தம் எடுக்கும் டியூபும் ஊசியும் 10 ரூபாய். அறுபது என்று நினைத்தது 124 ஆகிவிட்டது.

இதைக் கண்டுபிடிக்கப் பெரிய கணக்கர் வேண்டியதில்லை. இயந்திரத்தின் கவுண்டர் காட்டும் ஓட்டங்களையும், அந்த மாதம் கையெழுத்தாகிப் போன ரிப்போர்ட்டுகளையும் பக்கத்துப் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். இடைவெளி திடீரென்று கூடினால் கன்ட்ரோல் அடிக்கடி தவறுகிறது, அல்லது யாரோ காரணமில்லாமல் மறுபடி ஓட்டுகிறார்கள். செலவு கூடுகிறதே என்று கன்ட்ரோலை விட்டுவிடலாமா என்று மட்டும் யோசிக்காதீர்கள். கன்ட்ரோல் ஓட்டாத நாளில் வெளியே போகும் எண்ணுக்கு எந்தப் பொறுப்பும் கிடையாது. கன்ட்ரோல் செலவைக் குறைக்க நேர்மையான வழி ஒன்று உண்டு: நோயாளிகளின் சீரத்தைப் பிரித்துக் குளிர்பெட்டியில் வைத்து, ஒன்றுவிட்டு ஒரு நாள் சேர்த்து ஓட்டுவது. கிட் தாளில் சொன்ன நாள்கணக்குக்குள் இருந்தால் டி.எஸ்.எச். அதைத் தாங்கும். கன்ட்ரோல் 26 ஆகக் குறையும், 114 ரூபாய் சுமார் 100 ஆகும். பதிலுக்கு ‘அன்றே ரிப்போர்ட்’ என்ற பலகையைக் கழற்ற வேண்டியிருக்கும்.

மாதம் பத்துப் பேர் மட்டும் கேட்கும் சோதனைகளில் நிலைமை இன்னும் மோசம். திறந்த கிட் பல சமயம் நான்கு வாரம்தான் தாங்கும். பாதி கிட் காலாவதியாகிக் குப்பைக்குப் போனால், போன பாதியின் விலையையும் அந்தப் பத்துப் பேர்தான் சுமக்கிறார்கள்.

அடுத்தது டெக்னீஷியன். சம்பளமும் போனஸின் மாதப் பங்கும் சேர்த்து 19,500 என்று வைப்போம். எட்டு மணி நேரம் வீதம் 26 நாளுக்கு 12,480 நிமிடம். டீ, விடுப்பு, போன், துடைப்பு எல்லாம் போகக் கையில் நிற்பது சுமார் 10,000. நிமிடத்துக்கு ஏறக்குறைய 2 ரூபாய். இயந்திரம் தானாக ஓடும் நேரத்தை இதில் சேர்க்கக் கூடாது. ரத்தம் எடுப்பது, லேபிள் ஒட்டுவது, சுழற்றி ஏற்றுவது, ரிப்போர்ட் அடிப்பது என்று கை படும் நேரம்தான் கணக்கு. அது ஒரு 10 நிமிடம். காலை ஸ்டார்ட்-அப்பும் கன்ட்ரோலும் 20 நிமிடம், ஐந்து பேருக்குப் பங்கிட்டால் ஆளுக்கு 4. மொத்தம் 14 நிமிடம், 27 ரூபாய்.

மூன்றாவது இயந்திரம். இங்கே ஆடிட்டர் போடும் தேய்மானத்தை அப்படியே எடுக்க வேண்டாம். வருமான வரிக்குப் பொதுவான இயந்திரங்களுக்கு ஆண்டுதோறும் மீதி மதிப்பில் 15 சதவீதம் கழிப்பார்கள். அது வரிக்கான விதி. உங்களுக்கு வேண்டிய கேள்வி வேறு: இந்த மாடலுக்குக் கிட்டும் உதிரிப் பாகமும் எத்தனை வருடம் கிடைக்கும்? ஐந்து வருடம் என்றால் மாதம் 10,000. பராமரிப்பு ஒப்பந்தம் மாதம் 3,000. ஆக 13,000-ஐ 130-ஆல் வகுத்தால் டெஸ்டுக்கு 100 ரூபாய். மூன்றும் சேர்ந்து 251. இடத்து வாடகையும் மின்சாரமும் இன்னும் சேர்க்கவில்லை. 250 ரூபாய்க்கு விற்பது அதற்கு முன்பே நஷ்டம்.

பல முதலாளிகள் இந்த இடத்தில் உடனே விலையை ஏற்றுகிறார்கள். 300 ஆக்கினால் ஐந்து பேர் நான்கு பேர் ஆவார்கள். அதே 13,000 இன்னும் குறைவான தலையில் விழும். கணக்கு மறுபடி விலையை ஏற்றச் சொல்லும். பிழை வகுக்கும் எண்ணில் இருக்கிறது. இந்த இயந்திரம் நடைமுறையில் நாளுக்கு 40 நோயாளிகளைத் தாங்கும் என்றால் மாதம் 1,040. அதால் வகுத்தால் ஒரு டெஸ்ட் பயன்படுத்தும் இயந்திரச் செலவு 12 ரூபாய் 50 காசுதான். 130 பேர் பயன்படுத்தியது 1,625 ரூபாய். மிச்சம் 11,375 சும்மா கிடக்கும் திறனின் விலை. அதை டெஸ்டின் தலையில் கட்டாமல், மாதக் கணக்கில் ‘சும்மா இருந்த இயந்திரம்’ என்று தனி வரியில் எழுதுங்கள். அந்த வரி நோயாளிக்கானதல்ல, முதலாளிக்கானது.

தனி வரியில் எழுதுவதன் பலன் ஒரு பேரம் வரும்போது தெரியும். பக்கத்து கிளினிக் டாக்டர் தினமும் 10 டி.எஸ்.எச். தருகிறேன், 120 ரூபாய்க்குச் செய்வீர்களா என்கிறார். 251 என்ற எண்ணைக் கையில் வைத்திருப்பவர் அப்போதே மறுத்துவிடுவார். ஆனால் கூடுதலாக வரும் ஒவ்வொரு டெஸ்டுக்கும் உண்மையில் செலவாவது கிட் 60, குவெட்டும் வாஷும் 10, எப்போதாவது மறு ஓட்டத்துக்கு 2, டியூபுக்கு 10, ஆக 82. கன்ட்ரோல் ஏற்கெனவே ஓடிவிட்டது, இயந்திரம் ஏற்கெனவே நிற்கிறது. டெஸ்டுக்கு 38 வீதம் 260 டெஸ்டுக்கு 9,880 ரூபாய் மாதம் மிஞ்சும். சும்மா கிடந்த 11,375-இல் பெரும்பகுதி அடைபடும்.

ஒப்புக்கொள்ளும் முன் பார்க்க வேண்டியது டெக்னீஷியனின் நிமிடங்கள். 260 டெஸ்டுக்கு 2,600 நிமிடம் வேண்டும், அவருடைய மாதத்தில் கால் பங்கு. மற்ற வேலை போக அவ்வளவு ஓய்வு இருந்தால்தான் அந்த 38 ரூபாய் நிஜம். இன்னொருவரை வேலைக்கு எடுக்க நேர்ந்தால் 9,880 அவர் சம்பளத்துக்கே போதாது. ஏற்கெனவே 250 கொடுத்துக்கொண்டிருப்பவர்கள் கிளினிக் வழியாக வரத் தொடங்குகிறார்களா என்பதையும் கவனிக்க வேண்டும்.

இயந்திரத்தை இன்னும் வாங்காதவர் வேறு கணக்குப் போட வேண்டும். பெரிய லேப் ஒன்று மாதிரியை எடுத்துப்போய் 110 ரூபாய்க்குச் செய்து தரும் என்றால், 130 பேருக்கு 114 ரூபாய் ரீஏஜென்ட் மட்டுமே அதைத் தாண்டிவிடுகிறது. மாதம் 390 பேர் வந்தால் ரீஏஜென்ட் 86-க்கு இறங்கும், ஆனால் இயந்திரத்தின் பங்கு 33 சேர்ந்து 119. அப்போதும் வெளியே அனுப்புவதே மலிவு. ‘இயந்திரம் இலவசம், ரீஏஜென்ட் மட்டும் எங்களிடம் வாங்குங்கள்’ என்று கம்பெனி வந்தாலும் இதே கணக்குதான். இயந்திரத்தின் விலை கிட் விலைக்குள் ஒளிந்திருக்கும், சும்மா கிடக்கும் திறன் ‘குறைந்தபட்சக் கொள்முதல்’ என்ற வரியில் ஒளிந்திருக்கும். கையெழுத்துப் போடும் முன் அந்த எண்ணை உங்கள் போன வருட டி.எஸ்.எச். பதிவேட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள். விற்பனைப் பிரதிநிதி சொல்லும் ‘போகப் போக வளரும்’ எண்ணோடு அல்ல.