பச்சைப் புள்ளி, சிவப்புப் புள்ளி: மிக்ஸர் பக்கட்டின் குறிகளை வாசிப்போம்

இப்பக்கத்தில் தரப்பட்டுள்ள படத்தைச் சற்று உற்றுப் பாருங்கள். வெல்லாவெளியிலுள்ள ஒரு சில்லறைக் கடையில் தொங்கிய 200 கிராம் மசாலா மிக்ஸர் பக்கட் அது. தமிழ்நாட்டில் தயாரானது. நிறுவனத்தின் பெயரையும் அனுமதி இலக்கத்தின் கடைசி ஆறு இலக்கங்களையும் மறைத்திருக்கிறோம். பட்டிருப்புப் பாலத்தைக் கடந்து படுவான்கரைக்குப் பொருள் அனுப்பும் மொத்த வியாபாரிகளின் கைகளிலும், அங்கு கடை வைத்திருப்போரின் கைகளிலும் இது போன்ற பக்கட்டுகள் புழங்குகின்றன.

பக்கட்டில் மூன்று குறிகள் உள்ளன. முன்பக்கத்தில் ஒரு சிறு சதுரத்துக்குள் பச்சைப் புள்ளி. பின்பக்கத்தில் 14 இலக்கங்கள் கொண்ட ஓர் எண். அதன் கீழே ஒவ்வாமை பற்றிய இரண்டு வரிகள். இம்மூன்றையும் சேர்த்து "நல்ல சாமான்" என்பதற்கான முத்திரையாக எடுத்துக்கொள்வோர் நம்மில் பலர். உண்மையில் இவை மூன்று வெவ்வேறு கேள்விகளுக்கான பதில்கள். ஒன்றின் பதிலை மற்றதன் கேள்விக்குப் பொருத்தினால் வியாபாரிக்கும் வாடிக்கையாளருக்கும் பாதிப்பு வரும்.

புள்ளி சொல்வது என்ன?

இது இந்தியச் சட்டத்தின் குறி. பச்சை நிறச் சதுரத்துக்குள் நிரப்பிய பச்சை வட்டம் இருந்தால் அது சைவ உணவு. நாம் "சிவப்புப் புள்ளி" என்று பேச்சில் சொல்வது உண்மையில் பழுப்பு நிறம், அது அசைவத்துக்குரியது. ஆரம்பத்தில் அதுவும் வட்டமாகவே இருந்தது. நிறத்தைப் பிரித்தறிய முடியாதவர்களுக்கு இரு வட்டங்களும் ஒன்றாகத் தெரியும் என்பதால், 2020ஆம் ஆண்டின் லேபல் ஒழுங்குவிதிகளில் அசைவக் குறி பழுப்பு முக்கோணமாக மாற்றப்பட்டது. ஆகவே இப்போது நிறத்தை விட வடிவத்தைப் பார்ப்பதே இலகுவானது.

இங்கு முஸ்லிம் வியாபாரிகள் கவனிக்க வேண்டிய விடயம் ஒன்றுண்டு. அசைவம் என்பதற்கு அச்சட்டம் தரும் பொருள், விலங்கு, பறவை, மீன், முட்டை ஆகியவற்றிலிருந்து ஏதேனும் சேர்ந்திருக்கிறது என்பதாகும். பாலும் பாற்பொருட்களும் தேனும் அதில் அடங்கா. எனவே முட்டை மட்டும் சேர்த்த பிஸ்கட்டுக்கும் பழுப்புக் குறி வரும். அதனால் அது நமக்கு ஆகாதது என்றாகிவிடாது. மறுபுறம், பச்சைப் புள்ளி மதுசாரத்தைப் பற்றி ஒன்றுமே சொல்வதில்லை. மதுசாரம் விலங்கிலிருந்து வருவதல்ல. ஆகவே மதுசாரத்தில் கரைத்த வாசனைச் சாறு சேர்ந்திருந்தாலும் பக்கட்டுக்குப் பச்சைப் புள்ளி கிடைக்கும். பச்சை என்றால் ஹலால், பழுப்பு என்றால் ஹராம் என்று வாடிக்கையாளருக்குச் சொல்லி விற்பது இரு பக்கமும் பிழையானது. ஹலால் பற்றிய கேள்விக்கு ஹலால் சான்றிதழே பதில்; புள்ளி அல்ல.

அப்படியானால் புள்ளியால் நமக்குப் பயனே இல்லையா? உண்டு. படத்திலுள்ள பக்கட்டின் சேர்மானப் பட்டியலில் 627, 631 என்ற இரு எண்கள் காணப்படுகின்றன. இவை சுவையைத் தூக்கிக் கொடுக்கும் பொருட்கள். மசாலா தூவிய சிப்ஸ், மிக்ஸர், உடனடி நூடில்ஸ் ஆகியவற்றில் இவை சேர்க்கப்படுவதுண்டு. 631 என்பதை இறைச்சியிலிருந்தும் மீனிலிருந்தும் எடுக்கலாம்; மாப்பொருளை நொதிக்கச் செய்தும் எடுக்கலாம். எண்ணை மட்டும் பார்த்து எதிலிருந்து வந்தது என்று எவராலும் கூற முடியாது. இந்தப் பிரச்சினை டெல்லி உயர் நீதிமன்றத்துக்கே போனது. ஒரு பொருளின் பெயரையும் எண்ணையும் மட்டும் போட்டால் போதாது, அது தாவரத்திலிருந்தா, விலங்கிலிருந்தா, ஆய்வுகூடத்திலா பெறப்பட்டது என்பதையும் உற்பத்தியாளர் வெளிப்படுத்த வேண்டும் என்று 2021 டிசம்பரில் அந்நீதிமன்றம் உத்தரவிட்டது. ஆகவே 631 உள்ள பக்கட்டில் பச்சைப் புள்ளியும் இருந்தால், அது விலங்கிலிருந்து எடுக்கப்படவில்லை என்று உற்பத்தியாளர் சட்டத்தின் முன் பொறுப்பேற்கிறார் என்று பொருள். புள்ளியே இல்லாத பக்கட்டில் 631 இருந்தால் கேட்டறிந்த பின்னரே எடுக்க வேண்டும்.

இன்னொரு குழப்பம் நமது நாட்டுக்கே உரியது. இலங்கையிலும் உணவுப் பொதிகளில் நிற வட்டங்கள் உண்டு. இனிப்புப் பானங்களுக்கு 2016இலும், திண்ம உணவுகளுக்கு 2019ஆம் ஆண்டின் ஒழுங்குவிதிகளாலும் இவை கொண்டுவரப்பட்டன. இங்குள்ள சிவப்புக்கும் இறைச்சிக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. சீனி, உப்பு, கொழுப்பு ஆகியவற்றில் எது அதிகம் என்பதையே அது காட்டுகிறது. உதாரணமாக 100 கிராமில் கொழுப்பு 17.5 கிராமைத் தாண்டினால் சிவப்பு. எண்ணெயில் பொரித்த மிக்ஸர் இந்த அளவை எளிதில் தாண்டிவிடும். ஆகவே ஒரே மிக்ஸர் இந்தியக் கணக்கில் பச்சையாகவும் இலங்கைக் கணக்கில் சிவப்பாகவும் இருக்கலாம், இரண்டும் சரியே. வட்டத்தைச் சுற்றிச் சதுரம் இருந்தால் அது சைவ அசைவக் குறி. வட்டத்துடன் சீனி, உப்பு, கொழுப்பு என்ற சொல் இருந்தால் அது நமது நாட்டின் குறி.

பதினான்கு இலக்கங்கள்

பின்பக்கத்திலுள்ள எண் இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் வழங்கிய அனுமதி இலக்கம். படத்தில் அது 12419 என்று தொடங்குகிறது. முதல் இலக்கம் 1 என்றால் அது முழு அனுமதிப் பத்திரம். 2 என்றால் சிறு உற்பத்தியாளருக்கான பதிவு. அடுத்த இரண்டு இலக்கங்கள் மாநிலத்தைக் குறிக்கும், 24 தமிழ்நாடு. அவ்விடத்தில் 00 இருந்தால் மத்திய அரசின் அனுமதி. அதற்கடுத்த 19 அனுமதி வழங்கப்பட்ட ஆண்டு, அதாவது 2019. எஞ்சியவை அலுவலகப் பதிவுக்கான இலக்கங்கள்.

இந்த அமைப்பைத் தெரிந்துகொண்டால் போலியைப் பிடிப்பதற்கு முதற்படி கைக்கு வந்துவிடும். எண்ணிப் பாருங்கள், 13 அல்லது 15 இலக்கங்கள் இருந்தால் அங்கேயே சந்தேகப்பட வேண்டும். தமிழ்நாட்டில் மாத்திரம் இயங்கும் நிறுவனத்தின் விலாசத்தைப் போட்டுவிட்டு எண் வேறு மாநிலத்தினதாக இருந்தால், தயாரித்தவர் ஒருவர், பெயர் போட்டு விற்பவர் இன்னொருவர் என்பது காரணமாக இருக்கலாம். அப்போது இருவரின் விலாசமும் பக்கட்டில் இருக்கிறதா என்று தேட வேண்டும். முழு எண்ணையும் foscos.fssai.gov.in என்ற இணையதளத்தில் இட்டுத் தேடினால் அது யாருக்குரியது, இன்னும் செல்லுபடியாகிறதா என்பதைப் பார்க்கலாம். அங்கு வரும் பெயரும் பக்கட்டிலுள்ள பெயரும் ஒத்துப்போக வேண்டும்.

ஆனால் இந்த எண் ஆளை அடையாளம் காட்டுமே தவிர, கையிலுள்ள பக்கட்டின் தரத்துக்கு உத்தரவாதம் தராது. இலங்கையில் விற்பதற்கான அனுமதியும் அது அல்ல. நமது நாட்டின் சட்டப்படி இறக்குமதி உணவுப் பொதியில் இறக்குமதியாளரின் பெயரும் விலாசமும் இருக்க வேண்டும். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் கடைக்கு வந்தால் இதைத்தான் தேடுவார். இந்திய ரூபாயில் விலை அச்சிட்டு, இலங்கை இறக்குமதியாளரின் பெயர் எங்கும் இல்லாத பக்கட், இந்தியக் கடைகளுக்கென்று தயாரிக்கப்பட்டு எவரோ ஒருவரின் பயணப் பையில் வந்திருக்கக்கூடியது. 14 இலக்கமும் சரியாக இருந்தாலும் அப்பொருளுக்கு இங்கே பொறுப்புச் சொல்ல ஆளில்லை. பிரச்சினை என்று வந்தால் விற்ற கடைக்காரரே முன்னால் நிற்க வேண்டியிருக்கும்.

அந்த இரண்டு வரிகள்

மூன்றாவது குறியே மூன்றிலும் அவசரமானது. கச்சான் ஒத்துக்கொள்ளாத ஒரு பிள்ளைக்கு ஒரு கடி போதும். உதடும் நாக்கும் வீங்கி, மூச்சுத் திணறி, சில நிமிடங்களில் உயிராபத்து வரலாம். வெல்லாவெளி போன்ற இடங்களிலிருந்து பெரிய ஆஸ்பத்திரிக்குச் செல்ல எடுக்கும் நேரத்தை நாம் அறிவோம்.

படத்திலுள்ள பக்கட்டில் முதல் வரி "கன்டெய்ன்ஸ்" என்று தொடங்குகிறது. கச்சான், கஜு, கோதுமை ஆகியன இதில் நிச்சயமாக உண்டு என்பது அதன் பொருள். கடலைமாவில் செய்த மிக்ஸரில் கோதுமை எங்கிருந்து வந்தது என்று கேட்கத் தோன்றும். கடைகளில் விற்கும் கூட்டுப் பெருங்காயத்தில் கோதுமை மா கலந்திருப்பதுண்டு, இங்கும் அப்படியே. இரண்டாவது வரி "மே கன்டெய்ன்" என்று தொடங்கி பாலையும் சோயாவையும் சொல்கிறது. இவை சேர்க்கப்படவில்லை; ஆனால் அதே இயந்திரத்தில் வேறு பண்டங்கள் செய்யப்படுவதால் ஒட்டி வந்திருக்கலாம் என்பது பொருள். ஒவ்வாமை உள்ளவர் இவ்விரண்டாவது வரியையும் முதல் வரியைப் போலவே கருத வேண்டும்.

இந்தியச் சட்டம் இவ்வாறு எட்டு வகைகளைச் சொல்லுமாறு கேட்கிறது. கோதுமை போன்ற குளூட்டன் உள்ள தானியங்கள், இறால் நண்டு வகை, பால், முட்டை, மீன், கச்சானும் கஜு பாதாம் போன்ற பருப்புகளும், சோயா, சல்பைட் என்பனவே அவை. எள்ளு இதில் இல்லை. அமெரிக்காவில் 2023 முதல் எள்ளையும் சொல்லியாக வேண்டும். இந்தியப் பக்கட்டில் அதை எச்சரிக்கை வரியில் எதிர்பார்க்க முடியாது. எள்ளு ஒத்துக்கொள்ளாதவர் கேட்டால் சேர்மானப் பட்டியல் முழுவதையும் வாசித்தே பதில் சொல்ல வேண்டும்.

நமது கடைகளில் இந்த எச்சரிக்கை எங்கே தொலைகிறது தெரியுமா? ஐந்து கிலோ பையை வெட்டி, சிறு பொலித்தீன் பைகளில் அடைத்து, மெழுகுதிரியில் ஒட்டி, பாடசாலைப் பிள்ளைகளுக்கு விற்கும்போதுதான். பெரிய பை குப்பைக்குப் போகிறது. அதனுடன் அந்த இரண்டு வரிகளும் போய்விடுகின்றன. பிள்ளையின் தாய் வந்து "இதில் கச்சான் இருக்கா?" என்று கேட்டால், கண்ணுக்குக் கச்சான் தெரியாத காராபூந்தியைக் காட்டி "இல்லை" என்று சொல்லிவிட இடமுண்டு. அதே பூந்தி கச்சான் வறுத்த எண்ணெயில் பொரிக்கப்பட்டிருந்தால்?

இதற்குப் பெரிய செலவு தேவையில்லை. பெரிய பையை வெட்டும்போது சேர்மானப் பட்டியலும் எச்சரிக்கை வரிகளும் திகதிகளும் தொகுதி இலக்கமும் உள்ள பாகத்தைக் கத்தரித்து, அப்பொருள் தீரும்வரை கல்லாப் பெட்டியருகே வைத்திருங்கள். சிறு பைக்குள் ஒரு துண்டுக் கடதாசியில் பொருளின் பெயர், "கச்சான், கஜு, கோதுமை உண்டு; பால், சோயா இருக்கலாம்" என்ற வரி, காலாவதித் திகதி, உங்கள் கடையின் பெயரும் விலாசமும் ஆகியவற்றை எழுதிப் போடுங்கள். மீண்டும் பொதி செய்பவர் நீங்களானால், பொறுப்பும் உங்களுடையதே. இரு வகைப் பண்டங்களை ஒரே அகப்பையால் அள்ளாதீர்கள். கச்சான் உள்ளதைக் கடைசியாக அடையுங்கள்.

அடுத்த தடவை மொத்தக் கடையில் பெட்டி பிரிக்கும்போது ஒரு பக்கட்டைத் திருப்பிப் பாருங்கள். விலங்குப் பொருள் உண்டா என்பதைப் புள்ளியிடம் கேளுங்கள். யார் தயாரித்தார் என்பதை இலக்கத்திடம் கேளுங்கள். யாருக்கு விற்கக் கூடாது என்பதை அந்த இரண்டு வரிகளிடம் கேளுங்கள். இங்கே யார் பொறுப்பு என்பதற்கு இறக்குமதியாளரின் விலாசம் இல்லையென்றால், அந்தப் பெட்டியை அங்கேயே விட்டுவிட்டு வருவதே இலாபம்.