கல்லை நம்பாதே, மூன்று கல்லை நம்பு
(புதிதாகச் சேர்ந்த சர்வேயர் பிள்ளைகளுக்கு)

1. வயலில் இறங்கியதும் டேப்பை விரிக்காதே. தஞ்சைப் பக்கம் ஒரு பெரியவர், "தம்பி, பக்கத்து வயல்காரன் அஞ்சு சென்ட் தின்னுட்டான்"னு புலம்பினார். அளக்க வந்த பையன் முதலில் கேட்டது, "ஐயா, இந்தக் கல் எப்பவும் இங்கேயேதான் இருந்துச்சா?" வாய்க்கால் தூர்வாரியபோது மெஷின் பெயர்த்துப் போட்டதை யாரோ திரும்ப நட்டார்கள் என்று அப்போதுதான் வெளியே வந்தது. அதைக் குறித்துக்கொள். ஆனால் அதை வைத்து முடிவுகட்டாதே.

2. புலப்படத்தில் அளவு எந்த அலகில் இருக்கிறது என்று பார். பழைய படம் லிங்க்கில் இருக்கும். நூறு லிங்க் ஒரு சங்கிலி, அதாவது 66 அடி. ஒரு லிங்க் 20.12 சென்டிமீட்டர். இதை 20 என்று வைத்துக் கணக்குப் போட்டால் 500 லிங்க்குக்கு அரை மீட்டருக்கு மேல் பிசகும். வரப்புச் சண்டைக்கு அது போதும்.

3. சந்தேகப்படும் கல்லிலிருந்து தொடங்காதே. பெரியவரின் வயலில் மூன்று கல். தென்மேற்குக் கல்லிலும் வடக்குக் கல்லிலும் இரு தரப்புக்கும் தகராறில்லை. படத்தில் அவற்றுக்கு நடுவே 600 லிங்க், டேப்பில் 120.70 மீட்டர், சரியாக வந்தது. தகராறுக் கல்லுக்குத் தென்மேற்கிலிருந்து 500 லிங்க், அதாவது 100.58 வர வேண்டும், 99.40தான் வந்தது. வடக்கிலிருந்து 400 லிங்க், 80.47 வர வேண்டும், 80.93 வந்தது. ஒரு கோடு மட்டும் பிசகினால் உன் டேப்பையும் சந்தேகப்படு. ஒரே கல்லுக்குப் போகும் இரண்டும் பிசகி மூன்றாவது சரியாக இருந்தால், நகர்ந்தது அந்தக் கல்தான்.

4. சரியான இடத்தைப் பிடிக்க இரண்டு டேப் போதும். தென்மேற்குக் கல்லில் ஒன்று, வடக்குக் கல்லில் ஒன்று, 100.58-ம் 80.47-ம் சந்திக்கும் இடத்தில் முளை அடி. இரண்டு புள்ளியில் சந்திக்கும். படத்தைப் பார்த்து உரிய பக்கத்தை எடு. அங்கே பையன் ஓர் அடி தோண்டச் சொன்னான். பழைய கல்லின் உடைந்த அடிப்பாகம் கிடைத்தது. எல்லா ஊரிலும் கிடைக்காது. கிடைத்தால் இரு தரப்பையும் கூப்பிட்டுக் காட்டு.

5. டேப் தொய்யக்கூடாது, வரப்பு மேட்டில் ஏறி இறங்கவும் கூடாது. சரிவில் கிடைமட்டமாகப் பிடித்துத் துண்டுதுண்டாக அள. தொய்வும் சரிவும் நீளத்தைக் கூட்டித்தான் காட்டும், குறைக்காது. 99.40 என்று குறைந்து வந்ததால்தான் பையனுக்குத் தன் இழுவையின் மேல் சந்தேகம் வரவில்லை.

6. கல் நகர்ந்தது நாலடிக்குக் கொஞ்சம் மேல். பக்கத்து வயலுக்குள் போன, வடக்குக் கல்லை நோக்கிக் கூம்பும் முக்கோணத் துண்டு சுமார் 50 சதுர மீட்டர், ஒன்றேகால் சென்ட். "அஞ்சுன்னு நெனச்சேனே தம்பி" என்றார் பெரியவர். "இல்லைங்கய்யா, கணக்கு இவ்வளவுதான்" என்று படத்தை அவர் கையிலேயே கொடுத்தான். இப்படிக் குறைத்துச் சொல்ல வேண்டி வரும்போது பூசி மெழுகாதே.

7. பக்கத்து நிலக்காரருக்கு முன்கூட்டி நோட்டீஸ் போயிருக்க வேண்டும்; கல் நடும்போது இரு தரப்பிடமும் கையெழுத்து வாங்கு. மறுத்தால் மறுத்ததையே எழுதிவை. அந்தத் துண்டை இத்தனை வருஷம் உழுதவருக்கு அதில் உரிமை உண்டா என்பது உன் வேலையில்லை. அது சிவில் கோர்ட் சமாச்சாரம்.